ஏழு இருபது காட்டிய கடிகாரம்

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பது அக்பர் பாஷாவாகிய எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு எல்லா மதத்து நல்ல நேரமும் கெட்ட நேரமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ராயப்பேட்டையில் என் ஸ்டூடியோவுக்கு வந்து முகூர்த்தம் குறித்துக்கொண்டு போன புரோகிதர்கள் இரண்டு பேர் உண்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள், நம்ப வேண்டாம்.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, மயிலாப்பூர் மண்டபம் ஒன்றில் தணிகாசலத்தின் மகளுக்குக் கல்யாணம். ஆறிலிருந்து ஏழரைக்குள் தாலி கட்ட வேண்டும். மாப்பிள்ளை வந்த கார் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி, அதைச் சுற்றிய பள்ளத்தையும் சுற்றி, ஏழு ஐம்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தது. மேடைக்குப் பக்கத்துத் தூணில், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய கடிகாரம். தாலி ஏறும்போது அதில் எட்டு பன்னிரண்டு.

மண்டபத்தில் நானூறு பேர். நானூறு கையிலும் போன். ஒருவர்கூட மணி பார்க்கவில்லை. புரோகிதர் மட்டும், "இந்த மண்டபத்துக் கடிகாரம் எப்பவுமே ஃபாஸ்ட்" என்று மைக்கில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நானூறு பேரும் ஏழரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். அப்படி ஒரு ஒற்றுமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பந்தியில் தணிகாசலம் என் காதருகே குனிந்தார். "பாய், ஆல்பத்துல அந்தக் கடிகாரம் ஏழு இருபது காட்டணும். சம்பந்தியம்மா நாள், நட்சத்திரம் எல்லாம் பாக்கறவங்க. நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் இந்தப் போட்டோவத்தான் எடுத்து வெச்சுப் பாப்பாங்க."

இதெல்லாம் எங்கள் தொழிலில் சாதாரணம். என் தங்கை மகள் புஷ்ராதான் ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிறவள். கடிகாரத்தின் பழைய முள்களை மறைத்து, புதிய முள்களை வரைந்தாள். சின்ன முள்ளை நேராக ஏழின் மேல் வைக்காமல், ஏழைத் தாண்டி மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தாள். அவ்வளவு நேர்மையான பொய். மேடை ஓரத்தில் வாயைத் திறந்து தூங்கிய தாத்தாவை நீக்கினாள். சிங்கப்பூரிலிருந்து லீவு கிடைக்காத சித்தப்பாவை, அவர் அனுப்பிய படத்திலிருந்து வெட்டி, மூன்றாவது வரிசையில் நிறுத்தினாள். சித்தப்பா கை கூப்பியபடி ஆனந்தக் கண்ணீர் விட்டார். கண்ணீர் அவருடையதுதான். பாஸ்போர்ட் ஆபீஸில் நின்ற வரிசையில் எடுத்த படமாம்.

எல்லோருக்கும் ஆல்பம் பிடித்தது. நானும் மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. போக்குவரத்துப் புலனாய்வு சப்-இன்ஸ்பெக்டர் ஞானதாஸ். குரல் மெதுவாக இருந்தது. மெதுவாகப் பேசும் போலீஸ்காரர் என்றால் எனக்குப் பயம்.

"தணிகாசலம் வீட்டுக் கல்யாணம் நீங்கதான எடுத்தீங்க? பொண்ணோட தாய்மாமன் கபாலி, தெரியுமா?"

தெரியும். கபாலி டாக்ஸி ஓட்டுகிறவர். தாலி கட்டும்போது மணப்பெண்ணுக்குப் பின்னால், கையில் அட்சதையோடு அழுதுகொண்டு நின்றவர்.

"அன்னிக்குக் காலையில எட்டே கால் மணிக்கு கோட்டூர்புரம் பாலத்துல ஒரு பெரியவரை வெள்ளைக் கார் ஒண்ணு அடிச்சுட்டு நிக்காம போயிருக்கு. அவரு இன்னும் கண்ணு முழிக்கல. நம்பர்ல பாதிதான் கேமராவுல தெரியுது. அந்தப் பாதி கபாலி வண்டியோட ஒத்துப்போகுது. நான் தாலி கட்டுற எடத்துல இருந்தேன்னு அவரே உங்க போட்டோவக் கொண்டாந்து குடுத்தாரு. போட்டோவுல கடிகாரம் ஏழு இருபது காட்டுது. ஏழு இருபதுக்கு மைலாப்பூர்ல நின்னவன் எட்டே காலுக்குக் கோட்டூர்புரம் போக முடியாதா? நடந்தே போலாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சொந்தக்காரங்க இருபது பேரைக் கேட்டுட்டேன். இருபது பேரும் ஏழரைக்கு முன்னாடியே தாலி கட்டியாச்சுன்னு சத்தியம் பண்றாங்க. கபாலி மட்டும் எட்டு மணிக்கு மேலங்கிறாரு. நாளைக்குப் பத்து மணிக்கு ஒரிஜினலோட வாங்க. வந்ததும் அரெஸ்ட் பத்தி முடிவு பண்ணணும்."

கபாலி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சாட்சியோடு கொண்டுபோயிருக்கிறார். அந்தச் சாட்சியை நான் திருத்தியிருக்கிறேன்.

ஓடிப்போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. புஷ்ரா அடையாற்றில் ஒரு பிறந்தநாள் வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்குப் போன் செய்து முடிப்பதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தணிகாசலம் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"பாய், போலீஸ் ஒரிஜினலக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"குடுக்காதீங்க. அழிச்சிட்டேன்னு சொல்லிடுங்க. எம் பொண்ணு அந்த வீட்டுக்குப் போயி மூணு வாரந்தான் ஆவுது. எட்டு பன்னண்டு, ராகு காலம் நடுவுலன்னு கேஸ் கட்டுல எழுதிட்டா, சம்பந்தியம்மா அவளை வாழ விடுவாங்களா?"

"கபாலி உங்க மச்சான் இல்லியா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவனுக்கு வக்கீல் வெச்சுப் பாத்துக்கலாம் பாய். அவன் ஆம்பள. தாங்குவான்." பிறகு குரல் மாறியது. "யோசிச்சுப் பாருங்க. நேரத்த மாத்துனது யாரு? நீங்க. போலீஸ் விசாரிக்கிற போட்டோவுல நேரத்த மாத்துனவன் யாருன்னு கேட்டா யாரை உள்ள வெப்பாங்க?"

அதுவரை நான் கபாலிக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது. கை தானாகக் கம்ப்யூட்டர் பக்கம் போனது. அந்தக் கல்யாணத்து ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அமுக்கினேன். 'நிச்சயமாகத்தானா?' என்று அது கேட்டது. அறுபத்தெட்டு வருஷத்தில் என்னை அப்படி மரியாதையாகக் கேட்டது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். நான் ஆமாம் என்றேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். தணிகாசலம் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவர் போனபிறகு பார்க்கிறேன், என் கை ஈரமாக இருக்கிறது. அவருடைய கண்ணீரா, என்னுடைய வியர்வையா, தெரியவில்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கபாலி வந்தார்.

அழுவார், சட்டையைப் பிடிப்பார் என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"பாய், அந்தக் கெயவனாரை ஆஸ்பத்திரில போய்ப் பாத்துட்டு வந்தேன். நம்ம ராய்ப்பேட்டை ஆஸ்பத்திரிதான். தலைல கட்டு, மூக்குல டியூபு. அவரு பொண்ணு என்னியப் பாத்து, நீதான் இடிச்சியான்னு கேக்குது. இன்னா சொல்றது? நான் அப்போ அட்சதைய வெச்சிக்கினு அய்துகினு இருந்தேன். எல்லாரும் ஏயு இருவதுங்கிறாங்கோ. எங்க அக்காவும் ஏயு இருவதுங்குது. எனக்கே டவுட்டு வந்துகினு கீது பாய். ஒருவேளை நான்தான் இடிச்சேனோன்னு."

"எட்டு பன்னிரண்டு, கபாலி," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார். "போட்டோ கீதா?"

நான் காலி ஃபோல்டரைத் திரும்பிப் பார்த்தேன். என் முகம் பதில் சொல்லியிருக்க வேண்டும். "சரி பாய். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க," என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம். டம்ளரைக் கழுவி வைத்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

புஷ்ரா வந்தபோது நான் காலி ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமு, என்ன பண்ணீங்க?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. தோள்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கல்யாண வீட்டுக்காரர் கேட்டு முள்ள மாத்துனது வேற. போலீஸ் கேட்டப்புறம் ஒரிஜினல அழிச்சீங்க பாருங்க, அதுதான் குத்தம். இப்போ மெய்யாலுமே உள்ள வெக்கிற மாதிரி ஒண்ணு பண்ணியிருக்கீங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காருங்க. விழுந்துடாதீங்க. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல எங்க வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க முழுகிச்சே, நீங்க அங்க வெச்சிருந்த டிஸ்க் மூணும் மீன் மாதிரி மிதந்துச்சே, அப்பறம் நான் என்ன செய்யறேன்? ஒவ்வொரு வேலையையும் ரெண்டாவது டிஸ்க்ல எடுத்துக்கினு வீட்டுக்குப் போறேன்ல? நீங்ககூட, 'வேலையில்லாத வேலை'ன்னு சொன்னீங்க."

சொன்னேன். ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்.

"கேமராவுல எடுத்தது ஒண்ணு விடாம அதுல இருக்கு. மாத்துன ஃபைலும் இருக்கு. எத சேத்தோம், எத எடுத்தோம், ஒவ்வொண்ணும் தனித்தனி லேயர், ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச கண்ணாடித் தாள் மாதிரி. பேர் போட்டு வெச்சிருக்கேன். கோட்டூர்புரத்துல, மூணாவது மாடியில, பீரோவுல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அழிச்சதையும் நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

மறுநாள் பத்து மணிக்கு ஸ்டேஷன். கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அது இல்லாவிட்டால் எனக்கு லுங்கி அவிழ்ந்த மாதிரி இருக்கும். கபாலி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய செருப்பு வெளியே கிடந்தது, இனிமேல் தேவைப்படாது என்பதுபோல.

ஞானதாஸ் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி இருந்தார். "சொல்லுங்க பாஷா," என்றார்.

சொன்னேன். முள்ளை மாற்றியதை, யார் கேட்டார் என்பதை, ஸ்டூடியோவில் இருந்த பிரதியை நேற்று நான் அழித்ததை. கடைசி வாக்கியத்தில் அவர் பேனாவை வைத்தார். மறுபடி எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

புஷ்ரா மடிக்கணினியைத் திறந்தாள். ஆல்பத்துப் படம். தாலி, புகை, அழுகிற கபாலி, தூணில் ஏழு இருபது. வலப்பக்கம் லேயர்களின் பட்டியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கண் போல ஒரு சின்னம். 'கடிகார முள் – பெண்ணின் அப்பா கேட்டது' என்று எழுதியிருந்ததன் கண்ணை அவள் மூடினாள். முள்கள் எகிறின. எட்டு பன்னிரண்டு.

"இன்னொரு தடவை," என்றார் ஞானதாஸ்.

ஏழு இருபது. எட்டு பன்னிரண்டு. ஏழு இருபது. எட்டு பன்னிரண்டு. நாலாவது முறை இரண்டு கான்ஸ்டபிள்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

"இது என்ன, 'தூங்குற தாத்தா'?"

புஷ்ரா அதையும் மூடினாள். மேடை ஓரத்தில் தாத்தா வாயைத் திறந்தபடி திரும்பி வந்தார். ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார்.

"இது? 'சிங்கப்பூர் சித்தப்பா'?"

சித்தப்பா மறைந்தார்.

ஞானதாஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணத்துக்கே வராதவரை நிக்க வெச்சிருக்கீங்க. அழ வேற வெச்சிருக்கீங்க. அப்போ கபாலியும் அதே மாதிரி நேத்து நிக்க வெச்ச ஆளில்லைன்னு நான் எப்படி நம்பறது?"

பெஞ்சிலிருந்தபடியே கபாலி திரையில் தன்னை எட்டிப் பார்த்தார்.

"சரியான கேள்வி சார்," என்றாள் புஷ்ரா. "அதுக்குத்தான் கேமராவுல எடுத்த மூல ஃபைல். நாங்க படத்த மாத்துற சாஃப்ட்வேர் இதைத் திறக்கும். மாத்தி இதே ஃபைலா திரும்ப சேமிக்காது. மாத்துனா வேற ஃபைலாத்தான் சேமிக்கும். இதுல சித்தப்பா இருக்கமாட்டாரு. கபாலி அண்ணன் இருக்காரான்னு பாருங்க."

திறந்தாள். மங்கலான, அழகுபடுத்தாத படம். தாத்தா தூங்கினார். சித்தப்பா இல்லை. கபாலி இருந்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஆல்பத்தில் அதையும் துடைத்திருந்தோம். கடிகாரம் எட்டு பன்னிரண்டு. அடுத்தடுத்த எண்ணுள்ள படங்களை ஓட்டினாள். முள் நகர்ந்துகொண்டே போனது. எட்டு பத்தொன்பதில் கபாலி மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"எடுத்த நேரம் ஃபைல்லயே பதிவாயிருக்கும் இல்ல? அதக் காட்டும்மா."

புஷ்ரா காட்டினாள். அவள் முகம் வெளுத்தது. ஞானதாஸ் நிதானமாகப் படித்தார்.

"காலை ஆறு நாற்பத்திரண்டு."

அதைத் தாளில் எழுதிக்கொண்டார்.

"புரோகிதர் கடிகாரம் ஃபாஸ்ட்டுன்னு சொன்னாருன்னு இருபது சாட்சி சொல்லுது. உங்க கேமராவும் ஆறு நாற்பத்திரண்டுங்குது. ஏழு இருபதைவிட இன்னும் முன்னாடி! இப்போ கபாலி கோட்டூர்புரம் போய், டீ குடிச்சு, பேப்பர் படிச்சிட்டுக்கூட இடிக்கலாம்." கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் பெஞ்ச் பக்கம் ஒரு அடி வைத்தார்.

கபாலி எழுந்து நின்றார். யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"மாமு," என்றாள் புஷ்ரா, கீழ்க்குரலில். "கேமராவுல டைம் யாரு செட் பண்ணாங்க?"

"எனக்கு அந்த மெனுவத் திறக்கவே பயம்மா. ஃபராஸ்தான் பண்ணான்."

"எங்க வெச்சு?"

என் மகன் ஃபராஸ் துபாயில் வேலை செய்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே வாங்கி, அங்கேயே எல்லாம் சரிசெய்து, ஜமக்காளத்தில் சுற்றி எடுத்து வந்த கேமரா அது. துபாயில் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இரண்டு வருஷமாக என் கேமரா துபாயிலேயே இருந்துகொண்டு மயிலாப்பூர்க் கல்யாணங்களை எடுத்திருக்கிறது.

"சார்," என்றேன். "இந்தக் கேமராவுல துபாய் டைம் ஓடுது. அதே கேமரா. இதோ. உங்க கடிகாரத்தை ஒரு படம் எடுக்கட்டுமா?"

ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் நின்று எத்தனை வருஷமோ. ஞானதாஸ் தன் போனை மேசையில் வைத்தார். பதினொன்று ஏழு. முதல் படம் ஆடிவிட்டது. இரண்டாவது சரியாக விழுந்தது. அதில் பதிவான நேரத்தைப் புஷ்ரா திறந்தாள்: ஒன்பது முப்பத்தாறு.

ஞானதாஸ் ஒரு தாளில் கழித்தார். "ஒண்ணு முப்பத்தொண்ணு." அதை ஆறு நாற்பத்திரண்டோடு கூட்டினார். "எட்டு பதிமூணு. தூணுல இருந்த கடிகாரம் எட்டு பன்னண்டு. ஒரு நிமிஷம் இடிக்குதே."

"அது மண்டபத்துக் கடிகாரம் ஸ்லோ சார்," என்றேன். "ஃபாஸ்ட்டுன்னு சொன்னது தப்பு."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். "இத நான் நம்பறேன். கோர்ட் நம்பணும். கேமரா, கார்டு, டிஸ்க் மூணும் லேபுக்குப் போகும். கேமரா டைமை யாரும் தொடாதீங்க. அந்தத் தப்புதான் இப்போ சாட்சி. ஃபைல்லேர்ந்து கணக்குப் போட்டு ஒரு நீள எண் எடுப்பாங்க. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிடும். அத எழுதி, இது மூல ஃபைல்தான்னு நீங்க சான்றிதழ்ல கையெழுத்துப் போடணும். நேத்து நீங்க அழிச்சதையும் வாக்குமூலத்துல எழுதறேன் பாஷா. தப்பிச்சுட்டோம்னு நினைக்காதீங்க."

நினைக்கவில்லை. இன்றுவரை மெதுவாகப் பேசுகிற குரல் போனில் வந்தால் கையெழுத்துப் போட்ட விரல்கள் குளிர்ந்துபோகின்றன.

கபாலியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் நீட்டிய கையை மடக்க மறந்து, அப்படியே வாசல்வரை போய், அந்தக் கையாலேயே செருப்பை எடுத்தார். பத்து நாளில் வேறொரு வெள்ளைக் கார் கிண்டியில் ஒரு மெக்கானிக் கடையில் முன்பக்கம் நசுங்கிய நிலையில் அகப்பட்டது. அந்த வாரமே பெரியவரும் கண் விழித்தார். முதல் ஆளாகப் போய்ப் பார்த்தவர் கபாலிதானாம். பெரியவரின் மகள் அவருக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாளாம்.

நான் பயந்த கடைசி ஆள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். தணிகாசலத்தின் சம்பந்தியம்மா. கையில் கல்யாண ஆல்பம். பின்னாலேயே தணிகாசலம், தூக்கு மேடைக்கு வருகிற மாதிரி. மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கே ஏற்கெனவே பிரிண்டர் இருந்தது.

அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து கடிகாரத்தின் மேல் விரல் வைத்தார்.

"எட்டு பன்னண்டுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். என் கைக்கடிகாரம் பாத்துட்டேதான் இருந்தேன். லேட்டா வந்தது எங்க கார்தானே, நான் எந்த வாயால சொல்றது? சம்பந்தி எதுவும் கேக்காம இருக்காரேன்னு நான் பயந்துகிட்டிருந்தேன்."

தணிகாசலம் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அது கபாலி உட்கார்ந்த ஸ்டூல்.

"ரெண்டு மணியும் வேணாம் பாய்," என்றார் அம்மா. "ஒண்ணு பொய், ஒண்ணு ராகு காலம். கடிகாரத்தையே எடுத்துடுங்க. தூணு மட்டும் இருக்கட்டும்."

நான் புஷ்ராவைப் பார்த்தேன். டிஸ்க்கைப் போலீஸிடம் கொடுக்குமுன் மடிக்கணினியில் எடுத்து வைத்திருந்த பிரதியில் அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். தூணின் வெறும் பகுதியிலிருந்து எடுத்துக் கடிகாரத்தின் மேல் போர்த்தினாள், புதிய லேயராக. ஏழு இருபது முள்களின் லேயரை அழிக்கவில்லை. கண்ணை மட்டும் மூடினாள். எல்லாவற்றுக்கும் அடியில் எட்டு பன்னிரண்டு அப்படியே இருந்தது. புதிய லேயருக்கும் ஒரு பெயர் போட்டாள்: 'கடிகாரம் இல்லாத தூண் – மாப்பிள்ளையின் அம்மா கேட்டது'.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னை எதுக்கும்மா அதுல எழுதுறே?" என்று கேட்டார்.

"யாராவது என்னைக்காவது கேட்டா சொல்லணும்ல அம்மா," என்றாள் புஷ்ரா. சேமித்துவிட்டு, புதிதாக வாங்கிய இரண்டாவது டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டூர்புரத்துக்குக் கிளம்பினாள். அந்தப் பையை நான் தெரு முனைவரை தூக்கிக்கொண்டு போனேன். கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.